எத்தனை முறை, எவ்வளவு: சரக்கிருப்பை அளக்கும் இரண்டு விழுக்காடுகள்

கோவையில் இரு சக்கர வாகன உதிரிப் பாகங்களை மொத்தமாக விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதாந்திரக் கூட்டம் நடக்கிறது. கிடங்கைப் பார்த்துக்கொள்பவர், "பிரேக் ஷூவுக்குப் போன வருஷம் வந்த தேவையில 98 விழுக்காட்டை உடனே கொடுத்துட்டோம்" என்கிறார். விற்பனையைப் பார்ப்பவர் விடுவதாயில்லை. "ஒரு லோடு விட்டு ஒரு லோடு, அடுத்த சரக்கு வர்றதுக்குள்ள ஸ்டாக் தீர்ந்துபோகுது. அப்புறம் 98 எங்கிருந்து வந்துச்சு?" கேட்டுக்கொண்டிருக்கும் முதலாளிக்கு, இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் தோன்றும். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டால், இருவர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பது தெரியும்.

இருவரும் பேசுவது இரண்டு வெவ்வேறு அளவுகோல்களைப் பற்றி. விற்பனைக்காரர் மனத்தில் இருப்பது சுழற்சிச் சேவை நிலை. ஒரு லோடு வந்து இறங்கியதிலிருந்து அடுத்த லோடு இறங்கும் வரை ஒரு சுழற்சி. மொத்தச் சுழற்சிகளில் எத்தனை சுழற்சிகள் ஸ்டாக் தீராமல் முடிந்தன என்பதே இந்த விழுக்காடு. கிடங்குக்காரர் சொல்வது ஃபில் ரேட். வாடிக்கையாளர்கள் கேட்ட மொத்த எண்ணிக்கையில் எவ்வளவைக் கைவசம் இருந்த சரக்கிலிருந்து உடனே கொடுத்தோம் என்பது அது. நிரப்பு விகிதம் என்று சொல்லலாம். முதலாவது, தட்டுப்பாடு எத்தனை முறை வந்தது என்று எண்ணுகிறது. இரண்டாவது, எவ்வளவு சரக்கு குறைந்தது என்று அளக்கிறது. இரண்டும் விழுக்காடாகவே வருகின்றன. இரண்டுக்கும் தொழிலில் 'சர்வீஸ் லெவல்' என்ற ஒரே பெயர்தான் புழங்குகிறது. தவறுகள் தொடங்கும் இடம் இதுதான்.

பிரேக் ஷூ கணக்கு

அந்தக் கடையில் பிரேக் ஷூ நாளொன்றுக்குச் சராசரியாக 20 செட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சில நாள் 10, சில நாள் 30. இந்த ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 10 செட். ஆர்டர் போட்டால் சரக்கு வர 9 நாள் ஆகும். ஒரு ஆர்டருக்கு 600 செட், அதாவது ஒரு மாத விற்பனை. ஸ்டாக் எந்த அளவுக்கு இறங்கியதும் ஆர்டர் போட வேண்டும் என்பது கேள்வி. 9 நாளில் சராசரியாக 180 செட் போகும். எனவே 180 வந்ததும் ஆர்டர் போடுகிறார்கள். பாதுகாப்பு இருப்பு என்று கூடுதலாக ஒரு செட்கூட வைப்பதில்லை.

ஆர்டர் போட்ட பிறகான அந்த 9 நாளில்தான் எல்லாம் நடக்கிறது. அதற்கு முன் கடையில் 180-க்கு மேல் சரக்கு இருக்கிறது; தட்டுப்பாட்டுக்கு இடமில்லை. 9 நாள் தேவையின் சராசரி 180. திட்ட விலக்கம், ஒரு நாள் விலக்கமான 10-ஐ 9-இன் வர்க்கமூலமான 3-ஆல் பெருக்க, 30. தேவை இயல்நிலைப் பரவலில் அமைகிறது என்று கொண்டால், அது 180-ஐத் தாண்டுவதற்கு நிகழ்தகவு சரிபாதி. ஆக, சுழற்சிச் சேவை நிலை 50 விழுக்காடு. ஒரு லோடு விட்டு ஒரு லோடு ஸ்டாக் தீர்கிறது என்று விற்பனைக்காரர் சொன்னது சரி.

சரி, தாண்டும்போது எவ்வளவு தாண்டும்? இயல்நிலைப் பரவலில், சராசரியைத் தாண்டுகிற வேளைகளில் தாண்டும் அளவின் சராசரி, திட்ட விலக்கத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு. இங்கே 24 செட். கடைக்கு அது ஒரு நாள் விற்பனையைவிடச் சற்றே அதிகம். அதாவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, லோடு வரும் நாளுக்கு முந்தைய நாளில் கடை வெறுங்கையோடு நிற்கிறது. இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை 24 என்றால், ஒரு சுழற்சிக்குச் சராசரியாக 12 செட் குறை. ஒரு சுழற்சியில் விற்பதோ 600. 600-இல் 12 என்பது 2 விழுக்காடு. ஃபில் ரேட் 98. கிடங்குக்காரர் சொன்னதும் சரி.

ஒரே கடை, ஒரே பொருள், ஒரே ஆண்டு. ஒரு அளவுகோல் 50 காட்டுகிறது; மற்றது 98. இதைப் பார்த்த பிறகும் 'நம் சர்வீஸ் லெவல் என்ன?' என்று ஒற்றை எண்ணைக் கேட்பதில் பொருளில்லை.

கணக்கைப் பொதுவாக எழுத விரும்புவோருக்கு: பாதுகாப்பு இருப்பைத் திட்ட விலக்கத்தின் எத்தனை மடங்காக வைக்கிறோமோ அதை `z` என்போம். அப்போது ஒரு சுழற்சியில் எதிர்பார்க்கும் குறையை எக்செலில் இப்படிப் பெறலாம். இங்கே `s` என்பது 9 நாள் தேவையின் திட்ட விலக்கம், `Q` என்பது ஆர்டர் அளவு.

```
G         = NORM.S.DIST(z,FALSE) - z*(1-NORM.S.DIST(z,TRUE))
குறை       = s * G
ஃபில் ரேட்  = 1 - s*G/Q
சுழற்சி நிலை = NORM.S.DIST(z,TRUE)
```

கடைசி இரண்டு வரிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். ஃபில் ரேட்டில் `Q` இருக்கிறது. சுழற்சி நிலையில் இல்லை. ஒரு முறைக்கு எவ்வளவு வாங்குகிறோம் என்பதைச் சுழற்சி நிலை கண்டுகொள்வதே இல்லை.

ஆர்டர் அளவு மாறினால்

இப்போது அதே பிரேக் ஷூவை மாதம் ஒரு முறை 600 செட் என்று வாங்காமல், மூன்று நாளுக்கு ஒரு முறை 60 செட் என்று வாங்குகிறார்கள் என வைத்துக்கொள்வோம். கிடங்கில் இடம் மிச்சம், முதலீடு குறைவு என்று ஆலோசகர்கள் பரிந்துரைக்கும் மாற்றம்தான். சரக்கு வர 9 நாள் ஆவதால் எப்போதும் மூன்று ஆர்டர்கள் வழியில் இருக்கும். கைவசமும் வழியிலும் உள்ளதைச் சேர்த்து 180 வந்ததும் புது ஆர்டர் போடுகிறார்கள். சுழற்சி நிலை அதே 50 விழுக்காடு. அறிக்கையில் ஒன்றும் மாறவில்லை.

ஆனால் சுழற்சிக்கு 12 செட் குறை என்பது இப்போது 600-க்கு அல்ல, 60-க்கு. ஃபில் ரேட் 80 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. (முந்தைய சுழற்சியின் குறை அடுத்ததிலும் எண்ணப்பட்டுவிடாமல் இருக்க ஒரு சிறு கழிவு செய்ய வேண்டும்; இங்கே அது கால் செட்தான், முடிவை மாற்றாது.) கேட்டு வரும் ஐந்து செட்டில் ஒன்றைக் கொடுக்க முடியாத கடையும், ஐம்பதில் ஒன்றைக் கொடுக்க முடியாத கடையும் சுழற்சிச் சேவை நிலையின் கண்ணுக்கு ஒன்றே.

50 விழுக்காடு என்பது யாரும் இலக்காக வைக்காத எண், எனவே இது செயற்கையான உதாரணம் என்று தோன்றலாம். பெரும்பாலோர் வைக்கும் 95-ஐயே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7,300 செட் விற்கும் கடையில், 600 செட் ஆர்டர் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 சுழற்சிகள். இருபது சுழற்சிக்கு ஒரு தட்டுப்பாடு என்றால், ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும் ஒரு முறை ஸ்டாக் தீர. 60 செட் ஆர்டரில் ஆண்டுக்கு 120-க்கு மேற்பட்ட சுழற்சிகள். தட்டுப்பாடு ஆண்டுக்கு ஆறு முறை. இரண்டுமே '95 விழுக்காடு சர்வீஸ்'தான். ஆர்டர் அளவைக் குறைத்த பிறகு வாடிக்கையாளர் முறையீடு ஏன் கூடியது என்று தலையைச் சொறியும் நிர்வாகிகள், தங்கள் அறிக்கையில் பதிலைத் தேடினால் கிடைக்காது. அங்கே எண் மாறியிருக்காது.

தலைகீழ்த் தவறு இதைவிடப் பரவலானது. முதலாளி, "கேட்கிற சரக்குல 98 விழுக்காடு கைவசம் இருந்து போகணும்" என்கிறார். அவர் கேட்பது ஃபில் ரேட். கணக்குப் போடும் இளைஞர் எக்செலில் `=NORM.S.INV(0.98)` என்று தட்டுகிறார், 2.05 வருகிறது. அதை 30-ஆல் பெருக்கி 62 செட் பாதுகாப்பு இருப்பு என்கிறார். அவர் போட்டது சுழற்சி நிலைக்கான கணக்கு. மாதம் 600 வாங்கும் கடைக்கு 98 விழுக்காடு ஃபில் ரேட் கிடைக்கத் தேவையான பாதுகாப்பு இருப்பு, மேலே பார்த்தபடி, சுழியம். ஒரு செட் 300 ரூபாய் என்றால் 18,600 ரூபாய் அலமாரியில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இது ஒரு பொருளுக்கு. இதே போன்ற ஆயிரம் பொருள் வைத்திருக்கும் கிடங்கில் 1.86 கோடி.

அதே 98 ஃபில் ரேட், மூன்று நாளுக்கு 60 வாங்கும் கடைக்கு எவ்வளவு கேட்கும்? ஒரு சுழற்சிக்கு 1.2 செட்டுக்கு மேல் குறை வரக் கூடாது. `G` 0.04 ஆக வேண்டும். `z` ஏறத்தாழ 1.36, பாதுகாப்பு இருப்பு 41 செட். அப்போது அதன் சுழற்சி நிலை 91 விழுக்காடு. ஆகவே 98 ஃபில் ரேட்டுக்கு ஈடான சுழற்சி நிலை ஓரிடத்தில் 50, இன்னோரிடத்தில் 91. இரண்டையும் இணைக்கும் ஒரு நிரந்தர மாற்று அட்டவணை இருக்க முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் ஆர்டர் அளவையும் ஏற்ற இறக்கத்தையும் போட்டுத்தான் கணக்கிட வேண்டும். எல்லாப் பொருளுக்கும் ஒரே 95 என்று விதிக்கும் நிறுவனம், அரிதாகப் பெரிய லோடாக வாங்கும் பொருள்களில் தேவைக்கு மேல் பணத்தைப் பூட்டுகிறது. அடிக்கடி சிறிதாக வாங்கும் பொருள்களில் பாதுகாப்பைக் குறைக்கிறது. அதே பணத்தைப் பொருள்களுக்கிடையே இடம் மாற்றி வைத்தாலே மொத்த ஃபில் ரேட் ஏறும்.

சுழற்சி நிலையை மட்டும் பார்ப்பதால், அதன் உச்சியில் ஓர் எண்ணைக் கூட்டுவதன் விலையும் மறைந்துபோகிறது. மாதம் 600 வாங்கும் கடையில் சுழற்சி நிலையை 95-இலிருந்து 99-க்கு ஏற்ற, பாதுகாப்பு இருப்பு 49 செட்டிலிருந்து 70 செட்டாக வேண்டும். 95-இலேயே அங்கே ஃபில் ரேட் 99.9. அந்தக் கூடுதல் 21 செட், மாதத்துக்குக் காப்பாற்றித் தருவது அரை செட் விற்பனையை. "99 விழுக்காடு" என்று பலகையில் எழுதப் பார்க்க நன்றாக இருக்கும். அரை செட் பிரேக் ஷூவுக்காக 21 செட் என்று எழுதினால் எந்த முதலாளியும் கையெழுத்திட மாட்டார்.

மொத்தமாக வந்து கேட்பவர்

இதுவரை பார்த்ததில் ஃபில் ரேட்தான் எப்போதும் உயரத்தில் இருந்தது. எனவே 'சுழற்சி நிலையைப் பார்த்துக்கொண்டால் போதும், ஃபில் ரேட் தானாக அதைவிட நன்றாகவே இருக்கும்' என்று பலரும் நம்புகிறார்கள். சிக்கனக் கணக்கில் தோற்றாலும் பாதுகாப்பில் தோற்க மாட்டோம் என்பது அவர்கள் வாதம். பிரேக் ஷூ போலச் சில்லறையாகச் சீராகப் போகும் பொருளுக்கு அது பெரும்பாலும் சரி. தேவை கட்டி கட்டியாக வரும் பொருளுக்குச் சரியல்ல.

ஒரு கிளட்ச் பிளேட் வகை. ஒவ்வொரு சுழற்சியிலும் மெக்கானிக்குகளுக்கு 100 போகிறது. பத்துச் சுழற்சியில் ஒன்றில், நிறைய வாகனங்களை வைத்து இயக்கும் ஒரு நிறுவனம் வந்து கூடுதலாக 600 கேட்கிறது. கடை ஒவ்வொரு சுழற்சிக்கும் 200 வைத்திருக்கிறது. ஒன்பது சுழற்சிகள் தட்டுப்பாடில்லாமல் ஓடுகின்றன; பத்தாவதில் தேவை 700, கொடுத்தது 200. சுழற்சி நிலை 90 விழுக்காடு. ஆனால் பத்துச் சுழற்சியிலும் கேட்கப்பட்ட 1,600-இல் கொடுத்தது 1,100. ஃபில் ரேட் 69 விழுக்காட்டைத் தொடவில்லை. அந்தப் பெரிய வாடிக்கையாளர் வந்தவுடன் மொத்தச் சரக்கையும் எழுதிவைத்து, பிறகு 'பாதி வேண்டாம், முழுசா கிடைக்கிற இடத்துல வாங்கிக்கறோம்' என்று போய்விட, மெக்கானிக்குகளையும் இதற்கிடையில் திருப்பி அனுப்பியிருந்தால், அது 56 விழுக்காடு. கடையின் மிகப் பெரிய ஆர்டர் தவறிய ஆண்டில், அறிக்கை 90 காட்டுகிறது.

இயல்நிலைப் பரவல் என்ற அனுமானமே இப்படிப்பட்ட பொருளுக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். மேலே கொடுத்த வாய்பாட்டைக் கிளட்ச் பிளேட்டுக்குப் போட்டால் பிழையான விடை வரும். நடைமுறையில் இதற்குத் தீர்வு பாதுகாப்பு இருப்பு அல்ல. அந்த ஒரு வாடிக்கையாளரிடம் பேசி, பராமரிப்பு அட்டவணையை முன்கூட்டியே வாங்கி, 600-க்குத் தனி ஆர்டர் போடுவதுதான். ஆனால் இப்படி ஒரு சிக்கல் இருக்கிறது என்று சொல்லித் தருவது ஃபில் ரேட்தான். சுழற்சி நிலை மூச்சுவிடாது.

இந்தக் குழப்பம் எப்படி நிலைத்தது என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. இருப்பைப் பற்றி நிகழ்தகவைக் கொண்டு முதலில் சிந்தித்தவர்களில் ஒருவர் எட்ஜ்வொர்த். 1888-இல் வங்கியியலின் கணிதம் பற்றி எழுதிய கட்டுரையில், வைப்பாளர்கள் பணம் எடுக்க வரும்போது தீராமல் இருக்க ஒரு வங்கி எவ்வளவு ரொக்கம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டார். ஒரு வங்கிக்கு ரொக்கம் தீர்வதே பேரிடர். பத்து ரூபாய் குறைந்ததா பத்தாயிரம் குறைந்ததா என்பது அதற்குப் பிந்தைய கேள்வி. அங்கே 'தீருமா, தீராதா' என்ற நிகழ்தகவுதான் சரியான அளவுகோல். 1951-இல் ஆரோ, ஹாரிஸ், மார்ஷாக் மூவரும் சரக்கிருப்புக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட கட்டுரையை எழுதினார்கள். பாடநூல்களில் முதலில் வரும் நாளிதழ் முகவர் கணக்கிலும், காலையில் ஒரே முறை வாங்கி மாலையில் மிச்சத்தைக் கழிப்பவருக்கு, விடை ஒரு நிகழ்தகவாகவே வருகிறது. குறையும் அளவை நேரடியாகக் கணக்கிட்டு ஆர்டர் அளவோடு ஒப்பிடும் முறையை நிறுவனங்களுக்குக் கொண்டுபோனதில் ராபர்ட் ஜி. பிரவுன் 1950களின் இறுதியிலும் 60களிலும் எழுதிய நூல்களுக்குப் பெரும் பங்குண்டு. அந்த நூல்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் 95 விழுக்காட்டுக்கு என்று வகுப்பில் முதல் வாரம் படிக்கும் 1.65 எல்லோர் நினைவிலும் நிற்கிறது. இரண்டாம் மாதம் படிக்கும் `G` தேர்வோடு போய்விடுகிறது.

சுழற்சி நிலை தேவையே இல்லை என்பதல்ல இதன் பொருள். தட்டுப்பாட்டின் சேதம் அளவைப் பொறுத்ததல்ல, நிகழ்வையே பொறுத்தது என்கிற இடங்களில் அதுதான் வேண்டும். ஒரு தொழிற்சாலையின் அசெம்பிளி வரிசை, ஒரு போல்ட் குறைந்தாலும் நிற்கும், ஐம்பது குறைந்தாலும் நிற்கும். அங்கே 99.9 ஃபில் ரேட் என்பது ஆறுதல் தராது. அங்கும்கூட, சுழற்சிக்கு எத்தனை விழுக்காடு என்று கேட்பதைவிட ஆண்டுக்கு எத்தனை முறை என்று கேட்பது நல்லது. ஆர்டர் அளவு மாறும்போது அந்தக் கேள்வியின் பொருள் மாறாது.

அளவுகோலுக்கு ஏற்ற ஆட்டம்

எந்த அளவுகோலை வைத்து மதிப்பிடுகிறோமோ அதற்கேற்பத்தான் ஆட்கள் நடந்துகொள்வார்கள். சுழற்சி நிலையை வைத்துப் போனஸ் கொடுத்தால், ஸ்டாக் தீர்ந்த மறுநிமிடம் கிடங்குக்காரருக்கு அந்தச் சுழற்சியில் அக்கறை போய்விடும். அது ஏற்கெனவே தோற்ற சுழற்சி. லாரியை ஒரு நாள் முன்னால் வரவழைக்கப் போன் போடுவதில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. குறை 5 செட்டில் நின்றாலும் 80-க்குப் போனாலும் அவர் அட்டையில் விழுவது ஒரே கோடுதான்.

ஃபில் ரேட்டை வைத்துப் போனஸ் கொடுத்தால் வேறு குறுக்குவழி திறக்கிறது. `Q`-ஐப் பெரிதாக்கினால் போதும். 600-க்குப் பதில் 1,200 செட் வாங்கினால், பாதுகாப்பு இருப்பு இல்லாமலேயே ஃபில் ரேட் 98-இலிருந்து 99 ஆகிவிடும். கிடங்கில் சராசரியாக 300 செட் கூடுதலாகக் கிடக்கும் என்பது வேறு கணக்குப் புத்தகத்தில் வரும். அதே 99-ஐ, ஆர்டர் அளவை மாற்றாமல், வெறும் 15 செட் பாதுகாப்பு இருப்பால் எட்டியிருக்கலாம். எனவே ஃபில் ரேட் அறிக்கைக்குப் பக்கத்திலேயே சராசரி இருப்பும் அச்சாக வேண்டும். ஒன்றில்லாமல் மற்றதைப் படிக்கக் கூடாது.

ஃபில் ரேட்டுக்குள்ளேயே எதை எண்ணுகிறோம் என்ற கேள்வியும் இருக்கிறது. வாஷரையும் என்ஜின் கிட்டையும் ஒன்றாக எண்ணிக்கையில் கூட்டினால், வாஷர் எல்லாவற்றையும் மூடிவிடும். பத்து வரி உள்ள ஓர் ஆர்டரில் ஒவ்வொரு வரியும் 97 விழுக்காடு கிடைக்கும் என்றாலும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதபோது, முழு ஆர்டரும் குறையின்றிப் போவது நான்கில் மூன்று முறைகூட இல்லை. இதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

அளப்பதில் உள்ள இடர்தான் பெரிது. சுழற்சி நிலையை அளப்பது எளிது. ஒவ்வொரு லோடு இறங்கும்போதும் அதற்கு முன் ஸ்டாக் லெட்ஜர் சுழியத்தைத் தொட்டதா என்று பார்த்தால் முடிந்தது. பலர் அதைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு இந்த எளிமையே காரணம். ஃபில் ரேட்டுக்கோ கொடுக்காமல் போன சரக்கின் கணக்கு வேண்டும். அது எங்கே இருக்கிறது? ஒரு மெக்கானிக் கவுண்டருக்கு வந்து, "ஷூ ரெண்டு செட் இருக்குங்களா?" என்கிறார். கவுண்டரில் இருப்பவர் அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நாளைக்கு வந்துருங்ணா" என்கிறார். மெக்கானிக் அடுத்த கடைக்கு நடக்கிறார். பில் போடவில்லை. எனவே கணினியைப் பொறுத்தவரை அப்படி ஒருவர் வரவே இல்லை. விற்பனைப் பில்லிலிருந்து ஃபில் ரேட் கணக்கிட்டால், கேட்டதும் கொடுத்ததும் ஒரே எண்ணாக இருக்கும். 100 விழுக்காடு வரும். தட்டுப்பாடு அதிகம் உள்ள கடையும் இப்படி மிக அழகான அறிக்கையைத் தரும். அதோடு நிற்பதில்லை: அடுத்த ஆண்டின் தேவைக் கணிப்பும் அந்தக் குறைந்த பில்களிலிருந்தே போடப்படுவதால், தட்டுப்பாடு தன்னைத் தானே நியாயப்படுத்திக்கொள்ளும்.

இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். கவுண்டரில் ஒரு நோட்டு. இல்லை என்று சொன்ன ஒவ்வொரு முறையும் தேதி, பொருள், எண்ணிக்கை என்று ஒரு வரி. எல்லாவற்றையும் எழுத மாட்டார்கள் என்பது தெரிந்ததே. முக்கியமான ஐம்பது பொருளுக்கு மட்டும் என்றால் எழுதுவார்கள். அந்த நோட்டு இல்லாத கடையில் ஃபில் ரேட் என்று எதைச் சொன்னாலும் அது ஊகம்.

அளந்த எண்ணையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 12 சுழற்சி உள்ள பொருளில், உண்மையில் 95 விழுக்காடு நிலையில் இயங்கும் கடைகூட ஆண்டு முழுவதும் ஒரு தட்டுப்பாடும் இல்லாமல் முடிக்க வாய்ப்பு 54 விழுக்காடுதான். 85-இல் இயங்கும் கடைக்கும் அந்த அதிர்ஷ்டம் ஏழில் ஒரு முறை வரும். ஓர் ஆண்டின் சுழற்சி நிலையை வைத்து ஒரு பொருளுக்குப் பொறுப்பானவரைப் பாராட்டுவதும் திட்டுவதும் ஏறக்குறைய பூவா தலையா போடுவதுதான்.

மென்பொருள் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. சில நிறுவனங்கள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே வைத்திருக்கின்றன. எஸ்ஏபியின் பழைய APO திட்டமிடல் மென்பொருளில் பாதுகாப்பு இருப்புக் கணக்கிடும் முறைகளுக்கு `AS`, `AT`, `BS`, `BT` என்று குறியீடுகள் உண்டு. `A` என்பது ஆல்ஃபா, அதாவது தட்டுப்பாடு நிகழ்வைப் பார்ப்பது. `B` என்பது பீட்டா, அதாவது குறையும் அளவைப் பார்ப்பது. ஆனால் நம்மூரில் பரவலாக ஓடும் பல நிரல்களில் 'சர்வீஸ் லெவல் %' என்று ஒரே ஒரு பெட்டிதான் இருக்கும். விற்றவரைக் கேட்டால், "அது சர்வீஸ் லெவல்தான் சார்" என்பார்.

அவரைக் கேட்க வேண்டியதில்லை. ஏதாவது ஒரு பொருளை எடுத்து, பெட்டியில் 98 போட்டு, நிரல் சொல்லும் பாதுகாப்பு இருப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற எதையும் தொடாமல் ஆர்டர் அளவை மட்டும் பத்தில் ஒன்றாக்கி மறுபடி ஓடவிடுங்கள். பாதுகாப்பு இருப்பு அசையவில்லை என்றால், உங்கள் நிரலுக்கு ஃபில் ரேட் தெரியாது. அந்தப் பெட்டியில் நீங்கள் எந்த எண்ணைப் போட்டாலும், வாடிக்கையாளருக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று அது சொல்லவில்லை.